டாக்டர் சீட்டுக்கு வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகள் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டாள், அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்கவில்லை. தனியாரில் சேர்க்க மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் வேண்டும். "நம்ம குடும்பத்துல ஒரு டாக்டராவது வேணாமா"ன்னு பெரியப்பா கேட்கிறார், அதற்காக வீட்டைப் பேங்கில் வைக்கலாமா என்று அப்பா என்னைக் கேட்டார். வேண்டாம் சார். பெரியப்பா கடனுக்குக் கையெழுத்துப் போடப் போவதில்லை. 2016க்குப் பிறகு அரசு வேலைக்கு வந்த இளம் டாக்டர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் இருந்தார்கள், 2021 ஜூலையில் அவர்கள் வேலை நேரத்தில் எதிர்ப்புக் காட்டி மருத்துவமனைக்கு வெளியே வந்து நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் மகளிடம் கேட்டது வேறு. தைப்பூசத்துக்கு அவர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் அவளுக்கு என்ன வேலை? யார் எந்த நேரத்தில் நிற்பது, எத்தனை மூட்டை அரிசி, எவ்வளவு மிச்சம் என்று எல்லாவற்றையும் அவள்தான் பார்க்கிறாளாம். அதைச் சொல்லும்போது குரலே மாறியது. சரி, இந்தப் பிள்ளை மருத்துவமனைக்குள் போகலாம், ஆனால் ஸ்டெதாஸ்கோப் இல்லாமல்.

மருத்துவமனை நிர்வாகம் என்றால் கோப்பில் கையெழுத்துப் போடுவது என்று நினைக்கிறோம். மாதக் கூட்டத்தில் நிர்வாகி எழுந்து என்ன சொல்லவேண்டும் என்பதை ஓர் உதாரணக் கணக்கோடு பாருங்கள். 200 படுக்கை, 30 நாள், ஆக 6,000 படுக்கை நாள். நோயாளிகள் தங்கியது 5,100 நாள் என்றால் 85 விழுக்காடு நிரம்பியிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவசரப் பிரிவில் காலை பத்து மணிக்கு ஆள் காத்துக் கிடக்கிறார், மேலே வார்டில் இடமில்லை. ஏன்? டாக்டர் ஒன்பது மணிக்கே "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்ட நோயாளி, மருந்துக்கும் பில்லுக்கும் இன்சூரன்ஸ்காரர் அனுப்பவேண்டிய கடைசி உத்தரவாதக் கடிதத்துக்கும் காத்து மூன்று மணிவரை அதே படுக்கையில் உட்கார்ந்திருக்கிறார். மாதம் 1,500 பேர் வீடு திரும்புகிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு இரண்டு மணி நேரம் குறைத்தால் 3,000 மணி நேரம், அதாவது 125 படுக்கை நாள். ஒரு செங்கல் வைக்காமல் நாலு படுக்கை கிடைத்த மாதிரி. முந்தின நாளே பில்லைத் தயார் செய்வது, மருந்துச் சீட்டை முந்தைய மாலையே அனுப்புவது, அவ்வளவுதான் வழி. வீட்டுக்குப் போனவர் சில நாளில் திரும்பி வந்து படுக்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் நோயாளியைத் துரத்திவிட்டு எண்ணைக் காட்டுகிற கதையாகிவிடும்.

அப்புறம் ஆள் கணக்கு. ஒரு வார்டில் எந்நேரமும் ஒரு தாதி இருக்கவேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். 2023 முதல் சட்டப்படி வார வேலை நேரம் 45 மணி. வகுத்தால் 3.7 வரும். லீவு, பொது விடுமுறை, பயிற்சி, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய நாலரைப் பேர். மூன்றே பேருக்குச் சம்பளம் ஒதுக்கி "செலவைக் குறைத்தேன்" என்று சொல்பவர், மிச்ச நேரத்தை ஒன்றரை மடங்கு ஓவர்டைமாகக் கட்டுவார், கூடவே களைத்துப்போன தாதிகளின் ராஜினாமாக் கடிதங்களையும் வாங்குவார். அந்த நிர்வாகிக்கு வகுத்தல் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தர அங்கீகாரமும் இந்த வேலைதான். உள்ளூரில் எம்.எஸ்.கியூ.எச். அமைப்பு தருவது, வெளிநாட்டு நோயாளிகளை எதிர்பார்க்கும் பல பினாங்கு மருத்துவமனைகளுக்கு அதோடு அனைத்துலக அமைப்பான ஜே.சி.ஐ. தருவது. ஜே.சி.ஐ. ஆய்வு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. ஆய்வுக்கு வருபவர்கள் கோப்பை மட்டும் பார்ப்பதில்லை, நடைபாதையில் ஒரு தாதியை நிறுத்தி "நோயாளி கீழே விழுந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். விழுந்தவர்களை 1,000 நோயாளி நாளுக்கு இத்தனை என்று எண்ணவேண்டும். மேலே சொன்ன 5,100 நாளில் ஆறு பேர் விழுந்தால் ஏறக்குறைய 1.2. அடுத்த மாதம் திடீரென்று பூஜ்யம் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும், விழுவது நின்றதா, எழுதுவது நின்றதா என்று.

இதிலும் எல்லை உண்டு. அரசு மருத்துவமனையில் இயக்குநர் நாற்காலி டாக்டர்களுக்குத்தான். தனியாரில்தான் இவளுக்கு மேலே ஏற இடம். தொடக்கச் சம்பளமும் பெரியப்பா ஊரில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

மருத்துவமனை நிர்வாகப் பட்டமா, கணக்கியலா, புள்ளியியலா என்பதை அவளே முடிவு செய்யட்டும். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்பு, படிப்புகளை அங்கீகரிக்கும் எம்.க்யூ.ஏ.வின் பதிவேட்டில் இருக்கிறதா பாருங்கள், தொழிற்பயிற்சி உண்மையிலேயே மருத்துவமனைக்குள் நடக்கிறதா என்று கேளுங்கள். முகப்பில் டோக்கன் கொடுக்க வைத்து அதைப் பயிற்சி என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அதற்கு முன்னால், இந்த விடுமுறையில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இரண்டு மாதம் தற்காலிக வேலைக்கு அனுப்புங்கள். அங்கே போய் எரிச்சலோடு வீடு வந்தால் என்னிடம் திரும்பி வாருங்கள், வேறு பார்க்கலாம். வீட்டுப் பத்திரம் மட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.