விடைக்குறிப்பில் இல்லாத சரியான விடை

அன்புள்ள சார்,

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 26 பேருக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒரு ஒர்க்‌ஷீட் கொடுத்தேன். வாக்கிய மாற்றம் 10, கோடிட்ட இடம் நிரப்பும் பத்தியில் 10. கூடவே வந்த விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினேன். ஒரு பையன் நான்கு விடைகளைக் காட்டி, "இதுவும் சரிதானே மிஸ்?" என்றான். பாஸிவ் கேள்வியும் 'ஸோ–தட்' கேள்வியும் எனக்கும் சரி போலத்தான் தெரிகிறது. மற்ற இரண்டும் தப்பு என்று நினைக்கிறேன். ஒருவனுக்கு மார்க் போட்டால் எல்லாருக்கும் போட வேண்டும். எங்கே நிறுத்துவது? அவன் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

நான்கில் இரண்டு சரி. ஆனால் நீங்கள் சொல்லும் அதே இரண்டு இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டு வாசித்தால் பிடிபட்டுவிடும்.

பாஸிவ் கேள்வியில் சந்தேகமே வேண்டாம். கொடுத்த வாக்கியம் 'சம்ஒன் ஹாஸ் ஸ்டோலன் மை பைசிக்கிள்.' குறிப்பில் இருப்பது 'மை பைசிக்கிள் ஹாஸ் பீன் ஸ்டோலன் பை சம்ஒன்.' பையன் கடைசி 'பை சம்ஒன்'ஐ எழுதாமல் விட்டிருக்கிறான். திருடியது யார் என்று தெரியாதபோதுதான் ஆங்கிலத்தில் பாஸிவே இயல்பாக வருகிறது. அப்படியிருக்க 'யாரோ ஒருவரால்' என்று இழுப்பது வெறும் வால். குறிப்பைவிட அவன் எழுதியதுதான் நல்ல ஆங்கிலம். முழு மார்க் கொடுங்கள். ஆனால் 'ரவி ரோட் த லெட்டர்' என்ற வாக்கியத்தை மாற்றும்போது ஒரு பிள்ளை 'பை ரவி'யை விட்டால் கொடுக்காதீர்கள். அங்கே எழுதியது யார் என்ற செய்தியே தொலைந்துபோகிறது. 'சம்ஒன்', 'பீப்பிள்' மாதிரி ஒன்றும் சொல்லாத எழுவாயை விடலாம், பெயரை விடக்கூடாது.

அடுத்தது நீங்கள் தப்பு என்று நினைத்தது. 'ஆஸ் ஹி வாஸ் இல், ஹி டிட் நாட் கோ டு ஸ்கூல்' என்பதைக் காம்பவுண்ட் வாக்கியமாக மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். குறிப்பு சொல்வது 'ஹி வாஸ் இல் அண்ட் ஸோ ஹி டிட் நாட் கோ டு ஸ்கூல்.' அவன் எழுதியது 'ஹி டிட் நாட் கோ டு ஸ்கூல், ஃபார் ஹி வாஸ் இல்.' 'ஃபார்' என்றாலே 'ஃபார் டென் இயர்ஸ்', 'ஃபார் மீ' என்று பிரிபொசிஷனாகத்தான் நமக்குப் பழக்கம். அதனால் உங்கள் கை சிவப்புப் பேனாவுக்குப் போயிருக்கும். ஆனால் 'ஏனென்றால்' என்ற பொருளில் வரும் 'ஃபார்' வேறு. அது 'அண்ட், பட், ஸோ' இருக்கும் கூட்டத்தைச் சேர்ந்த இணைப்புச் சொல். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தப் பகுதியைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைத்துப் பாருங்கள். 'பிகாஸ் ஹி வாஸ் இல், ஹி டிட் நாட் கோ' என்றால் நிற்கிறது. 'ஃபார் ஹி வாஸ் இல், ஹி டிட் நாட் கோ' என்றால் நிற்கவில்லை. 'பட்', 'ஸோ' இரண்டையும் இதே மாதிரி முன்னால் தள்ள முடியாது. முன்னால் வர மறுப்பதால்தான் 'ஃபார்' காம்பவுண்ட். பையனுக்கு முழு மார்க். கொஞ்சம் பழைய நடைதான், பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் கேள்வி நடையைக் கேட்கவில்லை.

இதே கேள்விக்கு உங்கள் 26 தாளில் எப்படியும் ஐந்தாறு பேர் 'பிகாஸ்' போட்டு எழுதியிருப்பார்கள். அது பிழையே இல்லாத ஆங்கிலம், ஆனால் காம்ப்ளெக்ஸ் வாக்கியம். 'பீயிங் இல், ஹி டிட் நாட் கோ' என்று எழுதியவர்களும் இருக்கலாம். அது சிம்பிள். இவற்றுக்கு நான் மார்க் போடுவதில்லை. ஓரத்தில் 'வாக்கியம் சரி, கேட்டது இது இல்லை' என்று எழுதுவேன். இந்தக் குறிப்பை எழுதாமல் வெறுமனே இன்டு போட்டால், அந்தப் பிள்ளை 'பிகாஸ்' வாக்கியமே தப்பு என்று நினைத்துக்கொண்டு போகும். நல்ல ஆங்கிலமா என்பது ஒரு கேள்வி, கேட்டதைச் செய்ததா என்பது இன்னொரு கேள்வி. வாக்கிய மாற்றத்தில் இரண்டுக்கும் 'ஆம்' வர வேண்டும். மூலத்தின் பொருளும் மாறாமல் இருக்க வேண்டும்.

பொருள் மாறிய இடம்தான் மூன்றாவது விடை. 'ஹி இஸ் டூ வீக் டு வாக்' என்பதை 'ஸோ–தட்' போட்டு மாற்ற வேண்டும். அவன் எழுதியது 'ஹி இஸ் ஸோ வீக் தட் ஹி டஸ் நாட் வாக்.' இலக்கணம் சுத்தமாக இருப்பதால் உங்களுக்குச் சரி போலத் தெரிந்திருக்கிறது. தமிழில் சொல்லிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். மூலம் சொல்வது 'நடக்க முடியாது', அவன் சொல்வது 'நடப்பதில்லை'. 'டூ... டு' அமைப்புக்குள்ளேயே முடியாமை ஒளிந்திருக்கிறது. மாற்றும்போது அதை வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். குறிப்பில் 'கேனாட்' மட்டும் இருந்தாலும், 'கான்ட்', 'இஸ் நாட் ஏபிள் டு', 'இஸ் அனேபிள் டு' எல்லாவற்றுக்கும் முழு மார்க் போடுங்கள். 'குட் நாட்' என்றால் காலம் இறந்தகாலத்துக்குத் தாவிவிட்டது.

அப்படியென்றால் பையனுக்குப் பூஜ்யமா? இல்லை. கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் வாக்கிய மாற்றக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் 2 மார்க். எதிர்பார்க்கும் விடையை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, பாதிக்கு 1 மார்க் என்று கொடுப்பார்கள். உங்கள் ஒர்க்‌ஷீட்டிலும் கேள்விக்கு 2 என்று படத்தில் தெரிகிறது, அதனால் அப்படியே செய்யலாம். 'ஸோ வீக் தட்' சரியாக வந்ததற்கு 1, 'ஹி கேனாட் வாக்' என்ற பொருள் வந்தால் இன்னொரு 1. பையனுக்கு முதல் பாதி கிடைக்கிறது. திருத்தத் தொடங்குவதற்கு முன்பே கோட்டை எங்கே போடுவது என்று முடிவுசெய்துவிடுங்கள். தாளைப் பார்த்த பிறகு கோடு போட்டால், பிடித்த பிள்ளைக்கு ஒரு இடத்திலும் மற்றவனுக்கு வேறு இடத்திலும் விழும்.

நான்காவது, கோடிட்ட இடம். 'ரவி லுக்ட் ____ ஹிஸ் கீஸ்.' குறிப்பில் 'ஃபார்', அவன் எழுதியது 'அட்'. அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால் அவன் சொல்வது நியாயம். சாவிகளைப் பார்த்தான், அதில் என்ன தப்பு? ஆனால் அடுத்த வரி 'அட் லாஸ்ட் ஹி ஃபவுண்ட் தெம் அண்டர் த பெட்.' கட்டிலுக்கடியில் கடைசியாகக் கிடைத்த சாவியை அதற்கு முன்பே எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? இங்கே நீங்கள் நினைத்ததுதான் சரி, மார்க் கிடையாது. பத்தியாகக் கொடுத்த கோடிட்ட இடங்களை வரி வரியாகத் திருத்தவே கூடாது. விடையை வைத்துப் பத்தி முழுவதையும் ஒருமுறை வாசித்தால்தான் தெரியும்.

அதே பத்தியில் நீங்கள் கேட்காத ஒன்று என் கண்ணில் பட்டது. 'ஷி சாட் ____ த விண்டோ அண்ட் வாட்ச்ட் த ஸ்ட்ரீட்.' குறிப்பில் 'பை' மட்டும் இருக்கிறது. பையனும் 'பை' எழுதியதால் பிரச்சினை வரவில்லை. மற்ற தாள்களை எடுத்துப் பாருங்கள், 'நியர்', 'அட்', 'பிசைட்' எல்லாம் வந்திருக்கும், எல்லாம் சரி. 'அண்டர்' யாராவது எழுதியிருந்தால்? ஜன்னலுக்குக் கீழே உட்காரலாம், வாக்கியம் நிற்கும். ஆனால் வீட்டுக்குள்ளே அப்படி உட்கார்ந்தால் தெரு தெரியாது. 'நெக்ஸ்ட் டு' பொருளில் சரி, ஆனால் இரண்டு சொல். ஒரு கோட்டுக்கு ஒரு சொல் என்று மேலே அச்சிட்டிருந்தால் மார்க் இல்லை. அச்சிடவில்லை என்றால் தவறு ஒர்க்‌ஷீட் போட்டவருடையது, பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

'குறிப்பில் உள்ள சொல் மட்டுமே சரி' என்ற பழக்கத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கதை உண்டு. இந்தக் கோடிட்ட பத்திக்கு 'க்ளோஸ்' என்று பெயர் வைத்தவர் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர், 1953-இல். அவர் அளக்க நினைத்தது பிள்ளைகளை அல்ல, பத்திகளை. ஒரு கட்டுரை வாசிக்க எவ்வளவு எளிது என்று தெரிந்துகொள்ள, இத்தனையாவது சொல் என்று கணக்கு வைத்து எடுத்துவிட்டு, வாசிப்பவர்களால் அதே சொல்லை ஊகிக்க முடிகிறதா என்று பார்த்தார். அந்த வேலைக்கு மூலச்சொல் ஒன்றை மட்டும் எண்ணினால் போதும், ஒத்த சொற்களைச் சேர்ப்பதால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களின் கையில் அந்தத் தாளைக் கொடுக்கும்போது கதை மாறுகிறது. 'பை' போட்டவனுக்கும் 'நியர்' போட்டவனுக்கும் ஆங்கிலம் ஒரே அளவுதான் தெரியும்.

'எல்லாருக்கும் போட வேண்டும்' என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். போட வேண்டியதுதான். அதற்கு ஏற்றபடி திருத்தும் முறையை மாற்றுங்கள். பல வருடத்துக்கு முன் நான் ஒரு பள்ளியில் பகுதிநேரமாக இருந்தபோது, நாற்பது தாளில் முதல் இருபதைக் குறிப்பை வைத்து மடமடவென்று திருத்திவிட்டேன். இருபத்தோராவது தாளில்தான் குறிப்பில் இல்லாத ஒரு நல்ல விடை கண்ணில் பட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால், அதே விடைக்கு மூன்று பேருக்கு இன்டு போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு பிள்ளையின் தாளை முழுவதாகத் திருத்துவதில்லை. முதல் கேள்வியை எல்லாத் தாளிலும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் இரண்டாவதற்குப் போவேன். முதல் சுற்றில் பேனாவே எடுப்பதில்லை. குறிப்போடு ஒத்துப்போகாத விடையைப் பென்சிலால் வட்டமிட்டு, ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்வேன். 26 பேர் என்றாலும் ஒரு கேள்விக்கு வேறு வேறு விடை நான்கைந்துக்கு மேல் வராது. ஒவ்வொன்றையும் ஒரே முறை யோசித்து முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகு மார்க் போடலாம். சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்ட் அல்லது லாங்மன் மாணவர் அகராதியில் அந்தச் சொல்லுக்கான எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். இப்படி எழுதலாமா என்பதற்கு, பொருள் விளக்கத்தைவிட அவைதான் உதவும். அந்தத் துண்டுத்தாளைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த வருடம் இதே ஒர்க்‌ஷீட்டுக்கு அதுதான் விடைக்குறிப்பு.

பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். பொதுத்தேர்வில் ஒரே நாளில் ஏகப்பட்ட தாள்களைப் பார்க்க வேண்டியவர், 'ஃபார்' போட்ட வாக்கியத்தில் நின்று யோசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. 'அண்ட் ஸோ' தெரிந்தவன் தேர்வில் 'அண்ட் ஸோ' எழுதட்டும். உங்கள் வீட்டில் 'ஃபார்' எழுதினால் மார்க் உண்டு.

ஆகப் பையனுக்கு இந்த நான்கில் வரவேண்டியது 2, 2, 1, 0. இன்னொன்று, 'ஃபார்' வாக்கியத்தில் 'ஸ்கூல்' என்ற சொல்லுக்குப் பிறகு கமா போட்டிருக்கிறானா என்று படத்தில் தெரியவில்லை, அங்கே நிழல் விழுந்திருக்கிறது. இல்லையென்றால் போட்டுக் காட்டுங்கள், அதற்காக மார்க்கைக் குறைக்க வேண்டாம்.