கேப் அப் ஆனதும் 9:15க்கே ஷார்ட் போடுகிறேன். ஸ்டாப் லாஸை அடித்துவிட்டு அப்புறம்தான் இறங்குகிறது. எங்கே தப்பு?

நீங்கள் நிஃப்டி ஃபியூச்சரில்தான் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ரிசல்ட் வந்த பங்குகளுக்கு இது பொருந்தாது.

நானும் இதே தப்பைச் செய்து பணம் இழந்திருக்கிறேன். அன்று முந்தைய நாள் உச்சம் 24,190. மறுநாள் 24,260இல் திறந்தது. "கேப் என்றால் நிரம்பியே தீரும்", அதாவது விலை முந்தைய நாள் முடிவுக்குத் திரும்பியே ஆகும் என்று நம்பி, திறந்த நிமிடமே 30 புள்ளி ஸ்டாப்புடன் ஷார்ட் போட்டேன். ஸ்டாப் அடித்தது. ஆத்திரத்தில் மறுபடி விற்றேன். அந்த கேப் அன்று நிரம்பவே இல்லை. நேற்றைய உச்சத்துக்கு மேலே திறந்தால், நேற்று வாங்கிய எல்லோருமே லாபத்தில் இருப்பார்கள். விற்றுத் தப்பிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் கிடையாது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

இப்போது நேற்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ளே திறக்கும் கேப்பை மட்டும்தான் எடுக்கிறேன். கேப்பின் அளவு, ஒரு நாளின் சராசரி ஏற்ற இறக்கத்தைக் காட்டும் 14 நாள் ஏடிஆரில் பாதிக்குள் இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி வட்டி அறிவிப்பு, பட்ஜெட், தேர்தல் முடிவு நாட்களில் தொடுவதே இல்லை.

சமீபத்தில் எடுத்த ஒன்றைச் சொல்கிறேன். நேற்றைய முடிவு 24,060, உச்சம் 24,180, ஏடிஆர் 220. திறந்தது 24,165இல், அதாவது 105 புள்ளி கேப். 9:30 வரை கை வைக்கவில்லை. முதல் கால் மணி நேரத்தில் இரவு வந்த ஆர்டர்களும் மாட்டிக்கொண்டவர்களின் ஸ்டாப்புகளும் ஒன்றாக ஓடும், விலை இரண்டு பக்கமும் வெட்டும். உங்கள் ஸ்டாப் போவது அங்கேதான். அந்தக் கால் மணியின் உச்சம் 24,178, தாழ்வு 24,140. ஐந்து நிமிட கேண்டில் 24,140க்குக் கீழே முடிந்த பிறகு 24,136இல் விற்றேன். ஸ்டாப் 24,190. காலை உச்சம், நேற்றைய உச்சம் இரண்டையும் தாண்டினால் என் கணிப்பே தப்பு என்று அர்த்தம், அதனால் அந்த இடம். இலக்கு நேற்றைய முடிவான 24,060. ஆக 54 புள்ளி ரிஸ்க்குக்கு 76 புள்ளி வரவு. இலக்கு தூரம் ஸ்டாப் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் விட்டுவிடுவேன். காத்திருப்பதால் சில நாள் பாதி கேப் நிரம்பிவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

"54 புள்ளி ஸ்டாப்பா, தாங்காது" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். தாங்காவிட்டால் லாட்டைக் குறையுங்கள், ஸ்டாப்பைக் கிட்டே இழுக்காதீர்கள். ஒரே லாட்டுக்கே தாங்காது என்றால் அன்று வேண்டாம்.

11 மணிக்குள் இலக்கு வராவிட்டால் கிடைத்த விலைக்கு வெளியேறிவிடுவேன்.

இன்னொன்று. முதலில் சொன்ன அந்த நாளில், இரண்டாவது ஷார்ட்டை மூட முயன்றபோது என் புரோக்கர் ஆப் உறைந்துவிட்டது. கூப்பிட்டுக் கேட்டால் "உங்கள் நெட்டைப் பாருங்கள்" என்றார்கள். பக்கத்தில் வேறு ஆப்பெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புகார் எழுதியும் இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. அதனால் விற்பனை நிறைவேறிய அடுத்த நொடியே ஸ்டாப் ஆர்டரைப் போட்டுவிடுங்கள், மனதில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.