இரண்டாவது கையெழுத்துக்காரரை நம்புங்கள், அவர் திரையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்திலிருந்து சப்ளையருக்கு ஏழு லட்சம் போட்டோம். முதலாளி ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆனால் இரண்டு நாளாக வங்கித் தளத்தில் Pending for Authorisation என்றே நிற்கிறது. இரண்டாவதாக ஒப்புதல் தர வேண்டியவர் தன் பக்கம் எதுவுமே வரவில்லை என்கிறார். வங்கியில் சொல்லி விடுவிக்க முடியுமா?

பதில்:

முடியாது. வங்கிக்கு அந்த உத்தரவு இன்னும் போய்ச் சேரவே இல்லை. இரண்டாவது ஒப்புதலும் விழுந்தால்தான் அது வங்கிக்கு நீங்கள் கொடுத்த உத்தரவாகும். அதுவரை பணம் உங்கள் கணக்கிலேயேதான் இருக்கிறது. கிளையில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் நிறுவனத்து ஆளுக்குப் பதிலாக அவர் கையெழுத்துப் போட முடியாது, போடவும் கூடாது. விடுமுறை, வங்கி நேரம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்து நாள் முழுவதும் நடக்கிறது. தாமதம் உங்கள் வீட்டுக்குள்தான்.

அந்த இரண்டாவது ஆளைத் திட்டிவிடாதீர்கள். உங்கள் கேள்வியில் "எதுவுமே வரவில்லை என்கிறார்" என்ற வரியைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். ஒருவரை இரண்டு நாள் சோம்பேறி என்று நினைத்த குற்றம் எனக்கும் உண்டு.

பெங்களூரு பீன்யாவில் ஓர் இயந்திர உதிரிபாகப் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். இரண்டு இயக்குநர்கள். மூத்தவர் தினமும் பட்டறைக்கு வருவார். மற்றவர் அவருடைய மைத்துனர், கோயம்புத்தூரில் இருக்கிறார். ஐந்து லட்சம் வரை ஒருவர் ஒப்புதல் போதும், அதற்கு மேல் இருவரும் வேண்டும் என்று இயக்குநர் குழுத் தீர்மானம் போட்டு வங்கியில் கொடுத்திருந்தார்கள். இந்த விதியைக் கேட்டு வாங்கியவரே மைத்துனர்தான். முதல் போட்டவர் அவர், தூரத்தில் இருப்பவரும் அவர். பெரிய தொகை தன் கண்ணில் படாமல் போகக் கூடாது என்று நினைத்ததில் தவறில்லை.

2024 ஜூலை 4, வியாழக்கிழமை. எங்கள் பாகங்களுக்கு வெப்பப் பதப்படுத்தல் செய்து தரும் அண்ணாச்சிக்கு 6,37,500 ரூபாய் அனுப்ப வேண்டும். அவருடையது சிறுதொழில் பதிவு உள்ள நிறுவனம். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம், தாண்டினால் கூட்டு வட்டி. நாங்கள் சரக்கை எடுத்துக்கொண்டது மே 22. ஜூலை 6, சனிக்கிழமை, 45-வது நாள். அதைவிட முக்கியம், 7-ஆம் தேதி அவர் தன் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு நான் பதிவு செய்தேன், ஐந்தரைக்கு மூத்தவர் ஒப்புதல் கொடுத்தார். திரையில் வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் ஒரு செய்தி வந்தது. அதைப் படம் பிடித்து அண்ணாச்சிக்கு அனுப்பிவிட்டார். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். அந்தப் படத்தில் இருக்கும் எண் வங்கித் தளம் உங்கள் பதிவுக்குக் கொடுத்த எண், அவ்வளவுதான். பணம் உண்மையில் புறப்பட்டால்தான் யு.டி.ஆர். எண் பிறக்கும். ஆர்.டி.ஜி.எஸ். என்றால் அது 22 எழுத்தும் எண்ணுமாக, அனுப்பும் வங்கியின் நான்கெழுத்துக் குறியீட்டில் தொடங்கும். வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு தன் வங்கிக்கே போய்விட்டார். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். "ஏம்மா, பணம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாமே" என்றார் போனில். பதினோரு வருடப் பழக்கம். பொய் சொன்னவள் போல நின்றேன்.

மைத்துனருக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் "பட்டியல் காலியாக இருக்கிறது அம்மா" என்றார். ஓ.டி.பி. வருகிறதா, கடவுச்சொல் காலாவதியாகிவிட்டதா, வேறு நிறுவனத்தின் பயனர் பெயரில் நுழைந்துவிட்டாரா என்றெல்லாம் கேட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒப்புதல் பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னதுதான் என் தவறு. வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வேறு கேள்வி கேட்கத் தோன்றியது: "சார், கணக்கு இருப்பு பார்க்கும் பக்கத்தைத் திறங்கள். எத்தனை கணக்கு தெரிகிறது?" ஒன்றுதான் தெரிந்தது, பழைய நடப்புக் கணக்கு. நாங்கள் பணம் அனுப்பியதோ எட்டு மாதத்துக்கு முன்பு தொடங்கிய கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து.

புதுக் கணக்கு தொடங்கியபோது மூத்தவரின் பயனர் பெயரையும் என்னுடையதையும் அதில் இணைத்திருக்கிறார்கள், மைத்துனருடையது விட்டுப்போயிருக்கிறது. விதி என்னவோ இருவர் கேட்டது. ஆனால் கணக்கே தெரியாதவரின் பட்டியலில் அந்தக் கணக்கின் பதிவு எப்படி வரும்? எட்டு மாதம் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்றால், அந்தக் கணக்கிலிருந்து போனதெல்லாம் ஐந்து லட்சத்துக்குக் கீழே. எல்லாம் ஒரே ஒப்புதலில் ஓடிவிட்டன. அண்ணாச்சியின் பில்தான் முதலில் கோட்டைத் தாண்டியது. ஆயிரம் ரூபாய் அனுப்பிச் சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று யாராவது எழுதக்கூடும். ஆயிரம் ரூபாய்க்கு இரண்டாவது ஆள் தேவையே இல்லை, அதனால் அந்தச் சோதனையில் இந்த ஓட்டை தெரியாது.

இதே போல இன்னொரு காரணமும் உண்டு. கணக்கு இணைந்திருக்கும், ஆனால் அந்தப் பயனரின் சொந்த வரம்பு தொகையைவிடக் குறைவாக இருக்கும். அப்போதும் சில வங்கிகளில் பதிவு அவர் பட்டியலுக்கே வராது. வங்கிக்கு வங்கி திரையும் பெயரும் மாறும், நான் சொல்வது எங்கள் அனுபவம். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை இரண்டும்தான்: பணம் எடுக்கப்படும் அந்தக் கணக்கு அவருக்குத் தெரிகிறதா, அவர் வரம்பு எவ்வளவு?

காரணம் தெரிந்ததும் மூத்தவர் சொன்ன வழி, தொகையை இரண்டாகப் பிரித்து மூன்றேகால் லட்சத்துக்கும் குறைவாக இரண்டு முறை போட்டுவிடலாம், ஒரே ஒப்புதல் போதும் என்பது. நான் மாட்டேன் என்றேன். அவர் கோபப்பட்டார். "என் பணத்தை நான் அனுப்ப நீ யார் தடுக்க?" என்றார். ஒரே பில்லை விதிக்குக் கீழே வருமாறு உடைத்தால், மைத்துனர் கேட்டு வாங்கிய பாதுகாப்பை அவருக்குத் தெரியாமல் எடுத்துவிடுகிறோம். இன்று நல்ல காரணம் இருக்கிறது, அடுத்த முறை என்ன காரணம் இருக்கும்? தணிக்கையில் ஒரே நாளில் ஒரே பெயருக்கு இரண்டு பதிவைப் பார்த்ததும் முதலில் கேட்கப்படுபவள் நான். சின்னப் பட்டறைக்கு இவ்வளவு எதற்கு என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். சின்னப் பட்டறைகளில்தான் உறவுகள் பணத்தில் உடைகின்றன, இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பட்டறை ஆட்கள் எட்டு மணிக்கு மேல் நின்றால் கூடுதல் ஊதியம் உண்டு, அது நியாயம். கணக்குப் பிரிவில் இருப்பவள் வெள்ளி இரவு பத்து மணி வரை போனும் கையுமாக இருந்தால் அது "பொறுப்பு". மாதக் கடைசியில் நாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தவறு நடந்தால் மட்டும் எங்கள் மேசைதான் எல்லோருக்கும் முதலில் தெரிகிறது.

கடைசியில் மைத்துனரிடமே நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் வெள்ளி இரவு பஸ்ஸில் கிளம்பினார். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்பதால் வங்கி திறந்திருந்தது, இரண்டாவது சனிக்கிழமையாக இருந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். கிளையில் காசோலையிலும் ஆர்.டி.ஜி.எஸ். படிவத்திலும் இருவரும் கையெழுத்திட்டார்கள். கூடவே பயனரை அந்தக் கணக்கில் இணைக்கும் விண்ணப்பத்தையும் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் யு.டி.ஆர். வந்துவிட்டது. அதை மட்டும்தான் அண்ணாச்சிக்கு அனுப்பினேன், படம் எதுவும் அனுப்பவில்லை. 45-வது நாள் முடிவதற்குள் பணம் சேர்ந்துவிட்டது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து போன். "அம்மா, கணக்கு தெரிகிறது இப்போது. பட்டியலில் 6,37,500 ஒன்று நிற்கிறது, ஒப்புதல் கொடுத்துவிடட்டுமா?"

வியாழக்கிழமை நாங்கள் போட்ட பதிவு அப்படியே உயிரோடு இருந்திருக்கிறது. கிளை வழியாகப் பணம் போனது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. அவர் கேட்காமல் விரலை வைத்திருந்தால் அண்ணாச்சிக்கு இன்னொரு ஆறேகால் லட்சத்துக்கு மேல் போயிருக்கும். அவர் திருப்பித் தந்திருப்பார், ஆனால் எல்லா சப்ளையரும் அண்ணாச்சி இல்லை. முதல் ஒப்புதல் விழுந்த பிறகு பதிவு செய்தவளால் அதை நீக்க முடியாது, ஒப்புதல் அதிகாரம் உள்ளவர் நிராகரிக்க வேண்டும். சனிக்கிழமை கிளைக்குப் போகும் முன்பே மூத்தவரிடம் அதைச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. "நிராகரித்துவிடுங்கள் சார், காரணம் கேட்டால் வேறு வழியில் செலுத்தப்பட்டது என்று எழுதுங்கள்" என்றேன். அவர் முடிக்கும் வரை போனை வைக்கவில்லை.

அதனால் நீங்கள் இன்று காசோலை, கிளை என்று வேறு வழியில் போவதாக இருந்தால், உங்கள் முதலாளியை முதலில் அந்தப் பதிவை நிராகரிக்கச் சொல்லுங்கள். நிராகரிக்கப்பட்டது என்று திரையில் வந்த பிறகு பேனாவை எடுங்கள். அதே பதிவையே காத்திருந்து விடுவிப்பதாக இருந்தால், கையெழுத்துப் போடும் நேரத்தில் கணக்கில் ஏழு லட்சம் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் காத்திருக்கும் பதிவுக்காக வங்கி எந்தப் பணத்தையும் ஒதுக்கி வைத்திருக்காது. எங்களுடைய இணைப்பு விண்ணப்பம் சனி கொடுத்து செவ்வாய் முடிந்தது. உங்கள் சப்ளையருக்கு அதற்குள் பணம் தேவையா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள், யு.டி.ஆர். கையில் வரும் வரை அனுப்பிவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.