நிச்சயம் நின்ற வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்

“எனக்கு 27 வயது. வீடு திருப்பாதிரிப்புலியூர், வேலை புதுச்சேரியில். தையில் நிச்சயம் நடந்தது, சித்திரையில் இரண்டு வீட்டாரும் பேசி நிறுத்திவிட்டோம். தெருவில் இறங்கினாலே ‘என்னம்மா ஆச்சு?’ என்கிறார்கள். அம்மா ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார். அடுத்த மாதம் சித்தி மகள் கல்யாணம். போகவே பயமாக இருக்கிறது. கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?”

அம்மா ஆளுக்கு ஒன்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். எதிர் வீட்டில் ஜாதகம் என்றும் பெரியம்மாவிடம் மாப்பிள்ளையின் வேலை என்றும் சொல்லியிருந்தால், அந்த இருவரும் கோயிலில் சந்திக்கும்போது மூன்றாவதாக ஒரு கதை பிறக்கும். அதை உறுதி செய்துகொள்ளத்தான் உங்களை மறுபடியும் நிறுத்திக் கேட்பார்கள்.

இன்று இரவு சாப்பிட்ட பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை முடிவு செய்யுங்கள். “ரெண்டு வீட்லயும் பேசி நிறுத்திட்டோம்.” இதுவே போதும். இதில் பொய் இல்லை, யார்மேலும் பழி இல்லை, காரணமும் இல்லை. காரணம் சொன்னால் அது விவாதமாகிவிடும். ஜாதகம் என்றால் வேறு ஜோசியரைக் காட்டுவார்கள். பையன் சரியில்லை என்றால் அது அந்த வீட்டுக்குப் போய், பதிலுக்கு உங்களைப் பற்றி ஒன்று வரும். “தள்ளி வெச்சிருக்கோம்” என்பது எல்லாவற்றிலும் மோசம். மாதாமாதம் விசாரிக்க நீங்களே அழைப்பு கொடுத்தது போலாகும்.

எதிர் வீட்டு அக்கா எப்படிக் கேட்பார் என்று பார்ப்போம். “என்னடி, பத்திரிகை எப்ப?” “ரெண்டு வீட்லயும் பேசி நிறுத்திட்டோம்க்கா.” “ஐயையோ, ஏன்?” “பேசி நிறுத்திட்டோம்க்கா.” “பையனுக்கு வேற யாராவது…?” “பேசி நிறுத்திட்டோம்க்கா. உங்க பையனுக்கு ரிசல்ட் வந்துடுச்சா?” சொற்களை மாற்றாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். மூன்றாவது முறை பேச்சைத் திருப்பிவிட்டு நடையைக் கட்டுங்கள். அவரை அக்கா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதில் சுருக்கமாக இருந்தாலும் அந்த மரியாதை இருந்தால் உறவு கசக்காது.

இப்படிச் செய்யத் தொடங்கியதும் கேள்விகள் கொஞ்ச நாளைக்குக் கூடும். பலர் இந்த இடத்தில்தான், வழி பலிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வழக்கமாகக் கிடைத்த பதில் நின்றுபோனால் மனிதர்கள் முதலில் இன்னும் அழுத்திக் கேட்பார்கள், பிறகே விடுவார்கள். ஐந்தாவது முறை மனம் தளர்ந்து ஒரு விவரம் சொல்லிவிட்டால், ஐந்து முறை கேட்டால் கிடைக்கும் என்று அவர்களுக்கே பழக்கிவிடுவீர்கள். அதன் பிறகு நிறுத்துவது இரட்டிப்புக் கஷ்டம்.

அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். “பொண்ணை ஒழுங்கா வளர்க்கலையா” என்ற பேச்சு வந்துவிடுமோ என்று பயந்துதான் அவர் காரணம் தேடுகிறார். அவருக்கும் கொட்டித் தீர்க்க ஓர் இடம் வேண்டும். வெளியே விடாத ஒருவரை, அது அவருடைய அக்காவோ பழைய தோழியோ, அவரே தேர்ந்தெடுக்கட்டும். அவரிடம் எல்லாம் சொல்லலாம், மற்றவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம்தான்.

கல்யாணத்துக்கு முன்பே உங்கள் தாய்மாமாவோ சித்தப்பாவோ முக்கியமான பத்துப் பன்னிரண்டு உறவினர்களுக்குப் போன் செய்து அதே வாக்கியத்தைச் சொல்லி, “பொண்ணுகிட்ட கேக்காதீங்க” என்று சேர்த்துவிடட்டும். பெரியவர் ஒருவர் சொன்னால் நம் பக்கத்தில் அதற்கு மதிப்பு உண்டு. நிச்சயப் புடவை, மோதிரம் திருப்பிக் கொடுப்பது பாக்கி இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள்; அது இழுத்தால் பேச்சும் இழுக்கும்.

நேரே மண்டபத்தில் போய் நிற்காதீர்கள். முதலில் தெருமுனைக் கடை, பிறகு சாதாரண நாள் மாலையில் பாடலீஸ்வரர் கோயில், கடைசியில் கல்யாணம். ஒவ்வொரு இடத்திலும் படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது கிளம்பிவிடாதீர்கள். அது சற்றுத் தணியும்வரை இருங்கள். உச்சத்தில் ஓடிவந்தால் அடுத்த முறை பயம் அதிகமாகும். மண்டபத்தில் வரவேற்பில் நிற்க வேண்டாம், அங்கே வருகிற ஒவ்வொருவரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பந்தியில் பரிமாற நில்லுங்கள். கையில் சாம்பார் வாளி இருப்பவரிடம் யாரும் நீளமாக விசாரிப்பதில்லை. துணைக்கு ஒரு தங்கையையோ தோழியையோ வைத்துக்கொண்டு, கிளம்பும் நேரத்தை முன்பே பேசிவையுங்கள்.

அழுகை வருவது இழப்பின் இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி சோர்வு, தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, வேலைக்குப் போக முடியாமை என்று தொடர்ந்தால், ஜிப்மர் மனநலப் பிரிவிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.