மாவுக் கடைக்கு ஆப் தேவையா, மொபைல் தளம் போதுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். 140 வீடுகளுக்குக் காலையில் இரண்டு பையன்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். "நாளைக்கு வேண்டாம்", "ஒரு பாக்கெட் கூட" என்று ராத்திரி 11 மணி வரை வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. ஏதாவது ஒன்று விட்டுப்போய், மாதக் கடைசியில் கணக்கில் சண்டை. ஆப் செய்து தர ஒரு கம்பெனி 2 லட்சம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஒரு மொபைல் தளம் போதும்.

இதை முடிவு செய்ய நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். வாடிக்கையாளர் திரையைப் பார்க்காத நேரத்திலும் அவருடைய போன் உங்களுக்காக ஏதாவது வேலை செய்தாக வேண்டுமா? டாக்சி ஓட்டுநரின் போன் சட்டைப் பையில் இருக்கும்போதும் அவர் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பிரவுசரில் திறக்கும் தளத்தால் அது முடியாது, அங்கே ஆப்தான் வேண்டும்.

உங்கள் வேலைகளை இதில் வைத்துப் பாருங்கள். நாளைக்கு வேண்டாம் என்று சொல்பவர் பக்கத்தைத் திறக்கிறார், ஒரு பொத்தானைத் தொடுகிறார், மூடிவிடுகிறார். மாதக் கணக்கு தளம் இயங்கும் சர்வரில் கூட்டப்படுகிறது, அவர் படிக்க மட்டும் செய்கிறார். பணம் கட்டுவது யு.பி.ஐ. இந்த மூன்றுக்கும் ஆப் தேவையில்லை. பையன் எங்கே வருகிறான் என்று தெரிய வேண்டுமென்றால் அது பையனுடைய போன் சம்பந்தப்பட்ட விஷயம். அதற்கும் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 8 மணி நேரம் வரை உங்களுக்குப் பகிரலாம்.

நினைவூட்டல்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். ஆண்ட்ராய்டு குரோமில், வாடிக்கையாளர் அனுமதி கொடுத்தால் தளமே நோட்டிஃபிகேஷன் அனுப்பும். ஐபோனில் iOS 16.4 முதல்தான் இந்த வசதி வந்தது, அதுவும் தளத்தை Add to Home Screen கொடுத்து முகப்பில் வைத்தவர்களுக்கு மட்டும். எல்லோரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் உங்கள் வீடுகள் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. இரவு 8 மணிக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் தளத்தில் உள்ள பக்கத்தின் இணைப்போடு ஒரு பிராட்காஸ்ட் செய்தி போதும் என்று தோன்றும், ஆனால் பிராட்காஸ்டில் எல்லோருக்கும் ஒரே செய்திதான் போகும். அதனால் அவரவர் இணைப்பை முதல் நாள் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள், பிராட்காஸ்ட் நினைவூட்ட மட்டும் இருக்கட்டும். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதையும் மறக்காதீர்கள்.

தளம் செய்பவரிடம் மூன்று விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இணைப்பின் முடிவில் வீட்டு எண் 42, 43 என்று வரிசையாக வரக்கூடாது. வந்தால் ஒருவர் எண்ணை மாற்றிப் பக்கத்து வீட்டுக் கணக்கைத் திறந்துவிடுவார். யூகிக்க முடியாத நீளமான எழுத்துக் கோவையாக இருக்க வேண்டும். அடுத்து, இரவு 9 மணிக்கு மேல் மாற்ற முடியாது என்ற விதி சர்வர் கடிகாரத்தைப் பார்த்து இயங்க வேண்டும், வாடிக்கையாளர் போனின் கடிகாரத்தைப் பார்த்து அல்ல. யார் எத்தனை மணிக்கு எதை மாற்றினார் என்ற பதிவும் இருக்க வேண்டும். மாதக் கடைசிச் சண்டையைத் தீர்க்கப்போவது அந்தப் பதிவுதான். மூன்றாவது, தளத்தின் முகவரியான டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரருக்குத் தளம் செய்தவர் தன் பெயரிலேயே டொமைன் வாங்கினார். தளம் செய்தவர் போனை எடுக்காமல் போனதும் டொமைன் கைவிட்டுப் போய், அந்த முகவரிக்காகப் பாக்கெட்டில் அச்சடித்த QR எல்லாம் வீணாயிற்று.

9 மணிக்கு மேல் பையன்களுக்கான பட்டியலைக் கட்டிடம், விங் வாரியாக அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள். லிஃப்டில் சிக்னல் இல்லாவிட்டாலும் காகிதம் இருக்கும்.

அந்த 2 லட்சத்தோடும் செலவு முடிந்துவிடாது. கூகுள் பிளேயில் பதிவுக்கு ஒரு முறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர். புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப்பை மாற்றச் சொல்லி கூகுள் ஆண்டுதோறும் கெடு வைக்கிறது. விட்டுவிட்டால் புது போன் வாங்கிய புதிய வாடிக்கையாளருக்கு உங்கள் ஆப் பிளே ஸ்டோரில் தென்படாது. தளத்தையே உறை போட்டு ஆப்பாகக் கொடுத்தால், ஆப்பிள் அதைப் போதிய பயன் இல்லாத ஆப் என்று திருப்பி அனுப்பவும் கூடும்.

பையன்கள் இரண்டு பேர் என்பது எட்டு, பத்து ஆகி, யார் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டிய நிலை வந்தால் மறுபடி யோசிக்கலாம். அப்போதும் ஆப் வேண்டியது அந்தப் பத்து போன்களில்தான், 140 வீட்டுப் போன்களில் அல்ல. அதற்கு மட்டும் தனியாக விலை கேளுங்கள்.