பூஜ்ஜியம் வந்துவிட்டால் போதுமா?

அன்புள்ள ஐயா,

வகுப்புத் தேர்வில் y = x⁴ வரைபடத்துக்கு இரண்டாம் வகைக்கெழுவைப் பூஜ்ஜியமாக்கி, x = 0 வளைவு மாற்றப் புள்ளி என்று எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது. சொன்ன முறைப்படிதானே செய்தேன்? கணினி நொடியில் வரைவதை எங்களை ஏன் கையால் வரையச் சொல்கிறார்கள்?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கணினியை விடும்மா. மதிப்பெண் போனது நியாயம்தான். x⁴-இன் இரண்டாம் வகைக்கெழு 12x². அது 0-வில் பூஜ்ஜியம், ஆனால் இரண்டு பக்கமும் நேர்மறை. இடப்பக்கமும் மேல்நோக்கிய கிண்ணம், வலப்பக்கமும் அதே கிண்ணம். மாறியது எது? பூஜ்ஜியம் வந்தால் அங்கே குறி மாறுகிறதா என்று விசாரிக்க வேண்டும். இருபுறமும் ஓர் எண் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அதைச் செய்யாமல் முறையின் மேல் பழி போடாதே.

உன் வயதில் நானும் இதைவிடப் பெரிய தப்பு செய்தேன். y = x⁴ − 4x³ வரையச் சொன்னார்கள். முதல் வகைக்கெழு 4x²(x − 3). x = 3-இல் சிறுமம், மதிப்பு −27. எல்லாம் சரியாகக் கண்டுபிடித்து, 0-விலிருந்து 3 வரை ஒரே குழியாக இழுத்துவிட்டேன். ஆசிரியர் திட்டவில்லை. 0, 1, 2, 3 நான்கிலும் சாய்வு என்ன என்று மட்டும் கேட்டார். போட்டுப் பார்த்தால் 0, −8, −16, 0. அதாவது 2 வரைக்கும் இறக்கம் செங்குத்தாகிக்கொண்டே போகிறது, அப்புறம்தான் தணிகிறது. ஒரே கிண்ணத்தில் இது எப்படி நடக்கும்? இரண்டாம் வகைக்கெழு 12x(x − 2) என்று எழுதி வைத்திருந்தேன். 0-வுக்கும் 2-க்கும் நடுவில் அது எதிர்மறை என்று பார்க்கவே இல்லை. அந்தத் துண்டு கவிழ்த்த கிண்ணம்.

பிறகு ஸ்கேலைக் கையில் கொடுத்து, x = 2-இல் தொடுகோடு போடச் சொன்னார். கோடு y = −16x + 16. x = 1-இல் கோடு 0-வில் நிற்கிறது, வளைவு −3-இல், கோட்டுக்குக் கீழே. x = 3-இல் கோடு −32, வளைவு −27, இப்போது மேலே. வளைவு தன் தொடுகோட்டையே தாண்டிப் போவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். (2, −16) வளைவு மாற்றப் புள்ளி என்பதற்கு எனக்கு அதற்குமேல் எந்த நிரூபணமும் தேவைப்படவில்லை.

நீயும் இதைக் கிராஃப் தாளில் வரை. y அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 5 வைத்தால் தாளுக்குள் அடங்கும். x = 0-விலும் தொடுகோட்டைப் பார், அங்கே அது x அச்சேதான். −1-இல் வளைவு 5, அச்சுக்கு மேலே. 1-இல் −3, அச்சுக்குக் கீழே. உன் x⁴-க்கும் 0-வில் அதே அச்சுதான் தொடுகோடு. அதையும் பக்கத்திலேயே வரைந்துவிட்டு, அது அச்சைத் தாண்டுகிறதா என்று எனக்கு எழுது.

அன்புடன்.