பின்னாடி வண்டி காலியா வருது

கேள்வி: டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் பயணிகள் எண்ணிக்கையை கிராஃபாக வரைந்து பார்க்கிறார், அதில் ஓர் ஒழுங்கைக் கவனிக்கிறார் என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். முகூர்த்த நாள், வெள்ளிக்கிழமை, அமாவாசை அன்றெல்லாம் கோடு மேலே ஏறுவதாக வைத்தேன். படித்த நண்பர், “இதுக்கு கிராஃப் எதுக்கு? எந்தக் கண்டக்டரைக் கேட்டாலும் சொல்வாரே” என்கிறார். வேறு என்னதான் பார்க்க முடியும் அவரால்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முகூர்த்தக் கூட்டத்தில் படிக்கட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே நசுங்குகிறவர் அவர்தான். அதை அவருக்குக் கோடு போட்டுக் காட்ட வேண்டியதில்லை. வண்டிக்குள் நிற்கும்போது அவர் கண்ணில் படவே வாய்ப்பில்லாத ஒன்றை கிராஃப் காட்டினால்தான் கதைக்கு உயிர் வரும். அப்படி அவருக்குத் தெரியாத ஓர் இடம் உண்டு: பின்னால் வருகிற வண்டியின் உட்புறம்.

“பின்னாடி வண்டி காலியா வருது, அதுல வாங்க” என்று கண்டக்டர்கள் சொல்லாத நாள் இல்லை. நிறுத்தத்தில் நிற்பவர்கள் யாரும் அதை நம்புவதில்லை, வருகிற வண்டியில்தான் ஏறுவார்கள். ஆனால் பெரும்பாலும் அது உண்மை. கூட்டமாக வருகிற வண்டிக்குப் பின்னால் காலி வண்டி வருவது தற்செயல் இல்லை, கணக்காகவே அப்படித்தான் நடக்கும். 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். உங்கள் கண்டக்டர் அதையெல்லாம் படித்திருக்க வேண்டாம். தன் கையிலிருக்கும் காகிதங்களை வைத்தே அவரால் அங்கே போய்ச் சேர முடியும்.

கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள், கதையின் எலும்பு இதுதான். ஒரு தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு ஒருவர் வந்து சேர்கிறார். ஒருவர் ஏற 3 விநாடி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒவ்வொரு வண்டியும் நிறுத்தத்துக்குப் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகும்.

இப்போது உங்கள் கண்டக்டரின் வண்டி ஒரு ரயில்வே கேட்டில் மாட்டி 4 நிமிடம் தாமதமாகிறது. அடுத்த நிறுத்தத்தில் அவருக்காக 14 பேர் காத்திருப்பார்கள். கூடுதலாக ஏறும் நான்கு பேரால் இன்னும் 12 விநாடி போய்விடும். பின்னால் வருகிற வண்டிக்கோ அதே நிறுத்தத்தில் 6 நிமிடத்துக் கூட்டம்தான் மிச்சம், அதாவது ஆறு பேர். அதற்கு 12 விநாடி லாபம். முன்வண்டி மெதுவாகிறது, பின்வண்டி வேகமாகிறது. ஒரே நிறுத்தத்தில் இரண்டுக்கும் இடையே 24 விநாடி குறைந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குறையும், அதற்கடுத்ததில் இன்னும் அதிகமாக. ஐந்து நிறுத்தம் தாண்டும்போது இடைவெளி 3 நிமிடம் 40 விநாடி. பத்து நிறுத்தம் தாண்டினால் அரை நிமிடம்கூட இல்லை. அந்தப் பத்து நிறுத்தங்களில் முன்வண்டி ஏற்றியவர்கள் 150 பேர், பின்வண்டி ஏற்றியவர்கள் 38 பேர்.

இதில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வண்டி டிரைவர் வேண்டுமென்று விரட்டவில்லை. ஏற ஆள் இல்லை, அதனால் நிற்கவில்லை.

சரி, கதைக்கு வருவோம். 150 பேரை ஏற்றிய கண்டக்டருக்கு இது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம், மூச்சு முட்ட டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பின்கண்ணாடியில் தெரியும் காலி வண்டி மட்டும்தான். உடனே மனதில் ஓர் ஆள் மாட்டுகிறார். “அவன் வேணும்னே என் வாலைப் பிடிச்சுக்கிட்டு வர்றான். கூட்டத்தை என் தலையில கட்டிட்டு சீட்டுல உக்காந்து வர்றான்.” டெர்மினஸில் டீக்கடை வாசலில் இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்காத குறை. அமாவாசையைவிட இந்தச் சண்டைதான் கதைக்கு நல்ல தொடக்கம். கிராஃப் வரையவும் அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது: அந்த ஆள் குற்றவாளி என்று டிப்போவில் நிரூபிக்க வேண்டும்.

வரைவதற்கு என்ன வைத்திருக்கிறார்? டிரிப் வாரியாக டிக்கெட் கணக்கு எழுதும் தன் வே பில் தாள், டிக்கெட் மெஷின் தரும் டிரிப் கணக்கு. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, உங்கள் கண்டக்டர் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எண்ணிக்கையும் பயணிகள் எண்ணிக்கையும் ஒன்றல்ல. மகளிர் இலவசப் பயணத்துக்கு 2021-இலிருந்து கட்டணமில்லா டிக்கெட் கொடுக்கிறோம் அல்லவா, அது கணக்கில் வந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாஸைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லக்கேஜ் டிக்கெட்டோ ஆள் இல்லாமலே எண்ணிக்கையைக் கூட்டும். வசூல் தொகையை வைத்து வரைந்தால் கோடு இன்னும் பொய் சொல்லும். எனவே அவர் கொஞ்ச நாள் பாஸ்காரர்களைத் தனியாக எண்ணி, வே பில்லின் பின்பக்கத்தில் பென்சிலில் கோடு கிழித்து வைக்கிறார் என்று எழுதுங்கள். நாலு கோடு நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே போடுவோமே, அப்படி. நெரிசலில் அந்தக் கோடுகள் கோணலாகிப் போவதைக் காட்டினால், எந்த டிரிப் கூட்டம் என்று எண்ணிப் பார்க்காமலே வாசகருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் அவர் தன் வண்டியை மட்டும் வரைவார், தேதி வாரியாக. கோடு மேலும் கீழும் தாறுமாறாகப் போகும், ஒன்றும் பிடிபடாது. அப்புறம் ஒரு மாதத்துக்குச் சராசரி எடுப்பார். அது அலுங்காமல் நேராக வரும், இன்னும் ஏமாற்றம். இந்த இரண்டு தோல்விகளையும் கதையில் விட்டுவிடாதீர்கள். இன்று 7.40 வண்டி தாமதமாகும், நாளை 8.10 வண்டி. கூட்டம் எந்த வண்டியில் விழும் என்பது தினம் மாறுகிறது. சராசரி எடுத்த உடனே மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். அலுவலகத்தில் இருப்பவர்கள் பார்ப்பது இந்தச் சராசரியைத்தான். 150-ம் 38-ம் சேர்ந்தால் சராசரி 94, “வண்டிக்கு நூறு பேர்கூட இல்லையே, கூட்டம் எங்கே?” என்று கேட்பார்கள். அந்த 188 பேரில் ஐந்துக்கு நான்கு பேர் நெரிசல் வண்டியில்தான் வந்திருக்கிறார்கள். அலுவலகம் வண்டியை எண்ணுகிறது, மக்கள் தாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறார்கள். இரண்டுமே உண்மை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உங்கள் கதையில் ஒரு டிப்போ காட்சிக்கு இது ஒன்றே போதும்.

சரியான கிராஃப் வேறு மாதிரி. ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தடத்தில் ஓடும் எல்லா வண்டிகளையும், டைம் டேபிள்படி இல்லாமல், உண்மையில் வந்து போன வரிசையில் வைக்க வேண்டும். அந்த நேரங்கள் டைம் கீப்பரின் நோட்டில் இருக்கும். எண்ணிக்கை மட்டும் அந்தந்த கண்டக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும், சண்டை போட்ட ஆளிடமும் சேர்த்து. அவரிடம் போய் நிற்கிற காட்சியை அவசரப்படாமல் எழுதுங்கள். “உன் வே பில்லைக் கொஞ்சம் காட்டு” என்பது எவ்வளவு கனமான கேள்வி என்று பஸ்ஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். செக்கிங் இன்ஸ்பெக்டர் கேட்கிற கேள்வி அது.

வரிசையாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் ரம்பப் பல் வருகிறது. மேலே, கீழே, மேலே, கீழே. பின்வண்டி சீக்கிரம் போய்விடுவதால் மூன்றாவது வண்டிக்குக் கூட்டம் சேரும், அதனால் நான்காவதுக்குக் குறையும். ஒழுங்கு இதுதான்.

ஆனால் ரம்பப் பல்லைப் பார்த்த உடனே அவர் துள்ளிக் குதிக்கக் கூடாது. பள்ளி விடும் நேரத்துக் கூட்டமாகவும் இருக்கலாம் இல்லையா? அதற்கு எளிய சோதனை, அடுத்தடுத்த இரண்டு வண்டிகளைக் கூட்டிப் பார்ப்பது. பள்ளிக் கூட்டம் என்றால் இரண்டுமே ஏறும், கூட்டுத்தொகையும் ஏறும். இங்கேயோ வண்டிகள் தனித்தனியாக ஊசலாடுகின்றன, கூட்டினால் 188. ஒழுங்காக ஓடியிருந்தால் 200. பெரிய வித்தியாசம் இல்லை. ஆள் எண்ணிக்கை மாறவில்லை, பங்கு பிரிந்த விதம்தான் மாறியிருக்கிறது.

இன்னொரு சந்தேகம், அவர் ஆரம்பித்த சந்தேகம்: அந்த ஆள் வேண்டுமென்றே செய்கிறாரா? செய்தால் எல்லா நாளும் பள்ளத்தில் அவர் வண்டிதான் இருக்க வேண்டும். உங்கள் கண்டக்டர் வேறு வேறு நாட்களின் கிராஃபை வரைந்து, பள்ளத்தில் இருக்கும் புள்ளிகளுக்குப் பக்கத்தில் கண்டக்டர் பெயரை எழுதுகிறார். எதிரியின் பெயர் வருகிறது. வேறு பெயர்கள் வருகின்றன. அவருடைய பெயரும் வருகிறது, எதிரியின் பெயர் வருகிற அதே அளவுக்கு.

உங்கள் கதையின் உச்சம் இங்கேதான் இருக்கிறது. தன் வண்டி காலியாக ஓடிய டிரிப் ஒன்றுகூட அவருக்கு ஞாபகமில்லை. காற்று வாங்கிக்கொண்டு வந்த டிரிப்பை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? அந்த நாட்களில் முன்வண்டியின் பின்கண்ணாடி வழியே இன்னொருவர் இவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை வசனமாகச் சொல்ல வைக்காதீர்கள், பென்சில் அவர் பெயரை எழுதினால் போதும்.

இதற்குப் பிறகு கதையை எங்கே கொண்டுபோவது என்றும் யோசித்திருப்பீர்கள். அலுவலகம் கிராஃபைப் பார்த்து அவரைப் பாராட்டுவதாக முடிக்க வேண்டாம், நம்ப முடியாது. மருந்து என்னவென்றால், பின்வண்டி பாதி வழியில் இரண்டு மூன்று நிமிடம் நின்று இடைவெளி விட வேண்டும். அதற்கு அந்த எதிரிக் கண்டக்டரும் டிரைவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலி வண்டியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் முப்பது பேர், “ஏங்க நிக்குது, எடுங்க வண்டிய” என்று கத்துவார்கள். பின்னால் வரும் மூன்றாவது வண்டியில் கூட்டம் சேராமல் இருப்பதற்காகத் தங்கள் வண்டி ஏன் நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நெரிசல் இன்னும் கூடாமல் தப்பிக்கப்போகிறவர்கள் வேறு வண்டியில் இருக்கிறார்கள், திட்டு வாங்குபவர் இங்கே இருக்கிறார். அந்த மூன்று நிமிடத்தில் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பவர் யார் என்று முடிவுசெய்து எழுதுங்கள். அது எதிரியாக இருந்தால் ஒரு கதை, உங்கள் கண்டக்டராகவே இருந்தால் வேறு கதை. நான் எழுதினால் உங்கள் கண்டக்டரையே நிறுத்துவேன்.